நாங்கள் அனுப்ப வேண்டிய நோட்டீஸ் எங்களுக்கு வந்தது

2023 ஆடிப்பெருக்குக்கு மறுவாரம் தபால்காரர் ஒரு கவரைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். பிரித்தால் வக்கீல் நோட்டீஸ். எங்கள் காபித்தூள் பெயரைக் காப்பியடித்து விற்றுக்கொண்டிருந்தவர்தான் அனுப்பியிருந்தார். நாங்கள் அவர் மேல் கேஸ் போடத் தயாராகிக்கொண்டிருந்தோம். அவரோ "ஆதாரமில்லாமல் மிரட்டினீர்கள், நஷ்டஈடு கொடுங்கள்" என்று முந்திக்கொண்டார். படித்து முடித்ததும் எனக்கு வந்த கோபம் அவர் மேல் இல்லை, என் தம்பி மேல்தான். அப்புறம் என் மேலும்.

முதலில் எங்களைப் பற்றி. கும்பகோணத்தில் அப்பா 1994இல் காபிக்கொட்டை வறுத்து அரைத்து விற்க ஆரம்பித்தார். பெயரை இங்கே மாற்றி எழுதுகிறேன், "தாழைக்குடம்" என்று வைத்துக்கொள்வோம். பாக்கெட்டில் ஒரு பித்தளைக் குடமும் அதன் வாயில் தாழம்பூவும் இருக்கும். அதற்குக் கீழே "கும்பகோணம் டிகிரி காபி" என்று ஒரு வரி, ஓரத்தில் டவரா டம்ளர். 2016இல் ஓர் ஏஜென்ட் சொன்னார் என்று இந்த லேபிளை டிரேட்மார்க் பதிவுக்குக் கொடுத்தார்கள். 2018இல் சான்றிதழ் வந்தது. அப்பா அதைப் பிரேம் போட்டுக் கடையில் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று எங்களில் ஒருவரும் முழுசாகப் படித்ததில்லை. 2022இல் பைபாஸில் ஒரு காபி ஸ்டாலும் திறந்தோம்.

பிரச்சினை ஒரு போன் காலில் ஆரம்பித்தது. திருவாரூரிலிருந்து ஒரு பெரியவர் கூப்பிட்டு, "என்னங்க, சிக்கரியை இப்படி அள்ளிக் கொட்டியிருக்கீங்க, கஷாயம் மாதிரி இருக்கு" என்று சண்டை பிடித்தார். எங்கள் கலவை 80க்கு 20. பாக்கெட்டைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். வந்த படத்தில் இருந்தது "தாழங்குடம்". பூவோடு ஒரு குடம், காபி 53, சிக்கரி 47. மாயவரம் பக்கத்தில் பாக்கெட் போடுகிறவர்கள். அதே பெயரில் நெடுஞ்சாலையில் ஸ்டாலும் வைத்திருந்தார்கள்.

அன்று ராத்திரியே தம்பி 14 மளிகைக் கடைகளுக்கு வாட்ஸ்அப் அனுப்பிவிட்டான். நானும் பார்த்தேன், தடுக்கவில்லை. சொல்லப்போனால் "போலீஸ்னு ஒரு வார்த்தை சேரு, அப்பத்தான் பயப்படுவாங்க" என்று சொன்னதே நான்தான். கடைசியில் போனது இது:

"எங்கள் பதிவு பெற்ற தாழைக்குடம் கும்பகோணம் டிகிரி காபி பெயரைத் திருடிப் போலி சரக்கு விற்கிறார்கள். இதை வைத்திருக்கும் கடைக்காரர்கள் மீதும் டிரேட்மார்க் சட்டப்படி வழக்கு, போலீஸ் நடவடிக்கை, 3 வருட சிறை. உடனே ஸ்டாக்கைத் திருப்பி அனுப்பவும்."

மூன்று கடைக்காரர்கள் பயந்துபோய் 40 கிலோ அளவுக்குச் சரக்கைத் திருப்பி அனுப்பினார்கள். நாங்கள் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டோம். பத்தாம் நாள் அந்தக் கவர் வந்தது.

மகாமகக் குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு வக்கீல் மேடம் இருக்கிறார். அப்பாவின் பழைய வாடிக்கையாளர். நோட்டீஸையும் தம்பியின் வாட்ஸ்அப் செய்தியையும் பார்த்தவர், கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, "ஏம்ப்பா, உங்க கேஸ் நல்ல கேஸ். அதை நீங்களே கெடுத்து வச்சிருக்கீங்க" என்றார்.

அவர் சொன்ன சட்டம் இதுதான். 1999ஆம் வருட டிரேட்மார்க் சட்டத்தில் 142ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. சுற்றறிக்கை, விளம்பரம் அல்லது வேறு எந்த வழியிலாவது ஒருவரை "என் பதிவு பெற்ற டிரேட்மார்க்கை மீறுகிறாய், வழக்குப் போடுவேன்" என்று மிரட்டினால், அதனால் பாதிக்கப்பட்டவர் மிரட்டியவர் மேலேயே வழக்குப் போடலாம். அந்த மிரட்டல் நியாயமற்றது என்று அறிவிக்கச் சொல்லலாம், இனி மிரட்டக் கூடாது என்று தடை கேட்கலாம், நஷ்டம் ஆகியிருந்தால் அதையும் கேட்கலாம். மாவட்ட நீதிமன்றத்துக்குக் கீழே உள்ள கோர்ட்டில் போட முடியாது, அவ்வளவுதான். வாட்ஸ்அப் என்பது "வேறு எந்த வழியிலாவது" என்பதில் அழகாக அடங்கிவிடும்.

இதில் முக்கியமானது, நிரூபிக்கும் பொறுப்பு யாருடையது என்பது. மிரட்டியவர்தான் கோர்ட்டுக்கு இரண்டு விஷயங்களைக் காட்டியாக வேண்டும். ஒன்று, அந்த மார்க் உண்மையிலேயே பதிவாகியிருக்கிறது. இரண்டு, எதற்காக மிரட்டினாரோ அந்தக் காரியம் உண்மையிலேயே அந்தப் பதிவை மீறுகிறது. இரண்டில் ஒன்று விழுந்தாலும் வழக்குப் போட்டவர் பக்கம் காற்று அடிக்கும்.

"அப்ப நோட்டீஸே அனுப்பக் கூடாதா மேடம்?" என்று கேட்டேன்.

"அனுப்பணும். ஆனா ஒவ்வொரு வரிக்கும் கையில காகிதம் இருக்கணும். இன்னொண்ணும் தெரிஞ்சுக்கோ. வக்கீல்ங்கற முறையில கட்சிக்காரருக்காக நான் நோட்டீஸ் அனுப்பினா, அதுக்காக என் மேல இந்தப் பிரிவுல கேஸ் போட முடியாது. உங்க மேல போடலாம். அதனால நீ சொன்னதையெல்லாம் நான் எழுதிக் கொடுத்துடுவேன்னு நினைக்காதே, உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அப்புறம் பிரேம் போட்ட சான்றிதழைக் கடையிலிருந்து கழற்றிக்கொண்டு வரச் சொன்னார். கூடவே கம்ப்யூட்டரில் டிரேட்மார்க் பதிவேட்டைத் திறந்து எங்கள் விண்ணப்ப எண்ணைப் போட்டுப் பார்த்தார். அந்த ஒரு மணி நேரத்தில் எங்கள் வாட்ஸ்அப் செய்தி வரிவரியாக விழுந்தது.

முதல் வரி: "எங்கள் பதிவு". பதிவு அப்பா பெயரில் இருக்கிறது. ஜிஎஸ்டி தம்பி பெயரில், ஸ்டால் என் பெயரில். சட்டத்தின் கண்ணில் உரிமையாளர் அப்பா ஒருவர்தான். கடிதம் போனால் அவர் பெயரில்தான் போக வேண்டும்.

அடுத்து "கும்பகோணம் டிகிரி காபி". பதிவானது லேபிள் முழுசும் சேர்ந்த ஒன்று. அதில் இருக்கும் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக எங்களுக்குச் சொந்தமாகிவிடாது. கும்பகோணம் ஊர்ப்பெயர், டிகிரி காபி சரக்கின் வகை, டவரா டம்ளர் டெல்டாவில் எந்தக் காபிக்கடைப் பலகையிலும் இருக்கும் படம். சரக்கு என்ன வகை, எந்த ஊர் என்று சொல்வதற்காக இவற்றை யார் வேண்டுமானாலும் நேர்மையாகப் பயன்படுத்தலாம். எனக்கு இது கொஞ்சம் கசந்தது. தாராசுரத்திலிருந்து திண்டிவனம் வரை சாலையோரத்தில் அந்தப் பலகையைப் பார்க்கும்போதெல்லாம் எங்களிடமிருந்து எடுத்தது போலவே இத்தனை வருடம் நினைத்திருந்தேன்.

மூன்றாவது, ஸ்டால். டிரேட்மார்க் பதிவில் சரக்குகளையும் சேவைகளையும் எண் போட்டு வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள். எங்கள் காபித்தூள் 30ஆம் வகுப்பில் பதிவாகியிருந்தது. சாப்பாடு, பானம் பரிமாறும் சேவை 43ஆம் வகுப்பு. அதற்கு 2022இல்தான் விண்ணப்பித்திருந்தோம். பதிவேட்டில் நிலை என்ற இடத்தில் "Objected" என்று இருந்தது. அதாவது பதிவு அலுவலகம் ஆட்சேபம் எழுப்பியிருக்கிறது, நாங்கள் இன்னும் பதில் கொடுக்கவில்லை. அப்படியிருக்க எங்கள் ஸ்டால் பலகையில் வட்டத்துக்குள் ஆர் போட்டு வைத்திருந்தோம். பதிவாகாததைப் பதிவானதாகக் காட்டுவதே தனித் தப்பு என்று மேடம் சொன்னபோது தம்பி என்னைப் பார்த்தான். பலகை எழுதக் கொடுத்தது நான்.

பதிவில்லாத மார்க்குக்கு "மீறல்" என்று வழக்கே போட முடியாது. எங்கள் பெயரைச் சொல்லித் தன் சரக்கை எங்களுடையதுபோல் தள்ளிவிடுகிறார் என்கிற வேறு வகை வழக்கு உண்டு. வக்கீல்கள் அதைப் பாஸிங் ஆஃப் என்கிறார்கள். அதற்கு எங்கள் பெயருக்கு அந்த வட்டாரத்தில் நற்பெயர் இருப்பதையும், ஜனங்கள் ஏமாறுகிறார்கள் என்பதையும், அதனால் எங்களுக்குக் கெடுதல் என்பதையும் தனியாக நிரூபிக்க வேண்டும். காபித்தூளும் காபிக்கடையும் நெருங்கியவை, 30ஆம் வகுப்புப் பதிவை வைத்தே ஸ்டாலையும் கேட்கலாம் என்று வாதாட இடம் இருக்கிறதாம். "வாதாட இடம் இருக்குங்கறது வேற, மிரட்ட இடம் இருக்குங்கறது வேற" என்றார் மேடம். அதனால் கடிதத்தில் தூள் மட்டுமே முன்னால் நின்றது.

போலீஸ் என்ற வார்த்தைக்கும் அதே கதி. டிரேட்மார்க் குற்றங்களுக்குச் சிறைத் தண்டனை சட்டத்தில் இருப்பது உண்மைதான். ஆனால் போலீஸ் சோதனை போட்டுச் சரக்கை எடுக்க வேண்டுமென்றால் டிஎஸ்பி அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி வேண்டும், அதற்கு முன்னால் டிரேட்மார்க் பதிவாளரின் கருத்தைக் கேட்டு வாங்க வேண்டும். மளிகைக் கடைக்காரரை நாளைக்கே ஜீப்பில் ஏற்றுவது போல எழுதியது வெறும் பூச்சாண்டி.

கடைக்காரர்களுக்கு எழுதியதுதான் எல்லாவற்றிலும் பெரிய தப்பு. மீறல் சரக்கை விற்பதும் மீறல்தான், ஆகவே கடைக்காரருக்கு எழுதவே கூடாது என்று சட்டம் இல்லை. ஆனால் 142இல் "பாதிக்கப்பட்டவர்" என்றுதான் இருக்கிறது. மிரட்டப்பட்ட கடைக்காரர் மட்டும் இல்லை, அதனால் வியாபாரம் போன சரக்குக்காரரும் அந்த வார்த்தைக்குள் வரலாம். ஒரு செய்தியை 14 பேருக்கு அனுப்பினால் 14 கதவைத் திறந்துவிட்ட மாதிரி. சரக்கு எங்கே உற்பத்தி ஆகிறதோ அங்கே ஒரே ஒரு கடிதம் போனால் போதும். பாக்கெட்டின் பின்பக்கத்தில் பேக் செய்தவர் பெயரும் முகவரியும் கட்டாயம் இருக்கும். அதுதான் கவரில் எழுத வேண்டிய முகவரி.

இதற்கு அப்புறமும் மேடம் உடனே எழுத உட்காரவில்லை. "அவங்க உங்களுக்கு முன்னாலேயே இந்தப் பேரை வச்சிருந்தா?" என்று கேட்டார். எனக்கு அது தோன்றவே இல்லை. பதிவு வாங்கிவிட்டால் எல்லாரையும் விட நாம்தான் முதல் என்று நினைத்திருந்தேன். சட்டம் அப்படி இல்லை. நாம் பயன்படுத்த ஆரம்பித்த நாள், நம் பதிவின் நாள், இரண்டில் எது முந்தியதோ அதற்கும் முன்பிருந்தே ஒருவர் அந்தப் பெயரைத் தொடர்ந்து பயன்படுத்தி வந்திருந்தால், பதிவை வைத்து அவரை நிறுத்த முடியாது. பதிவின் நாள் என்பது சான்றிதழ் வந்த நாள் இல்லை, விண்ணப்பித்த நாள். எங்களுக்கு அது 2016. பயன்படுத்த ஆரம்பித்தது 1994. ஆனால் 1994ஐக் காட்ட ஒரு துண்டுக் காகிதமாவது வேண்டும்.

அதைத் தேடியதில் ஒரு வாரம் போனது. அப்பா பழைய பில் புத்தகங்களைக் கட்டிப் பரணில் போட்டிருந்தார். பாதியைச் செல்லரித்துவிட்டது. கடைசியில் 1997ஆம் வருட பில் புத்தகம் ஒன்று கிடைத்தது, தலைப்பில் பெயரும் குடமும் அச்சாகியிருந்தது. அதற்கு முந்தியது எதுவும் இல்லை. மேடம் கடிதத்தில் "1994" என்று எழுதவில்லை, "குறைந்தபட்சம் 1997 முதல்" என்று எழுதினார். அப்பாவுக்கு அது வருத்தம். மூன்று வருடம் குறைந்ததால் எங்களுக்கு ஒன்றும் ஆகிவிடாது, காட்ட முடியாத மூன்று வருடத்தை எழுதினால் மொத்தக் கடிதமும் சந்தேகத்துக்கு வரும் என்று அவருக்கு நான்தான் புரியவைக்க வேண்டியிருந்தது.

அந்தப் பக்கத்தைப் பற்றியும் வெளியிலிருந்தே தெரிந்துகொள்ள முடிந்தது. அவர்கள் பில்லில் ஜிஎஸ்டி எண் இருந்தது. அதை ஜிஎஸ்டி தளத்தில் போட்டால் பதிவான தேதி வரும், 2021 என்று வந்தது. அவர்கள் ஸ்டாலுக்கு மேப்பில் ஏறியிருந்த மிகப் பழைய போட்டோவும் 2021. டிரேட்மார்க் பதிவேட்டில் அந்தப் பெயரிலும் அதை ஒட்டிய உச்சரிப்பிலும் தேடினோம், அவர்கள் விண்ணப்பித்ததாக எதுவும் இல்லை. இதெல்லாம் அவர்கள் 2021க்கு முன் இல்லவே இல்லை என்பதற்கு நிரூபணம் ஆகாது. ஜிஎஸ்டி எடுக்காமல் சின்னதாக வியாபாரம் செய்திருக்கலாம். ஆகையால் கடிதத்திலேயே அதைக் கேட்டுவிடுவது என்று முடிவானது.

குத்தாலத்தில் ஒரு கடையில் இரண்டு பாக்கெட் வாங்கினேன். பில் போட்டு வாங்கி, ஒன்றைப் பிரிக்காமல் தேதி எழுதிக் கவரில் போட்டு ஒட்டி மேடத்திடம் கொடுத்தேன். திருவாரூர்ப் பெரியவரிடம் அவர் அனுப்பிய போட்டோவைக் கோர்ட்டில் காட்டலாமா என்று கேட்டு, எங்கள் பாக்கெட் என்று நினைத்துத்தான் வாங்கினேன் என்று நாலு வரி கையால் எழுதி வாங்கிக்கொண்டேன். அவருக்கு அரை கிலோ ஒரிஜினல் கொடுத்தேன். அதைக் கடிதத்துக்குக் கைமாறாகக் கொடுத்தது போல் ஆகிவிடக் கூடாது என்று மேடம் அப்புறம் திட்டினார்.

நான் எழுதிக்கொண்டு போயிருந்த வரைவு மூன்று பக்கம். அதில் "பகல் கொள்ளை" இரண்டு முறை, "5 கோடி நஷ்டஈடு" ஒரு முறை, "24 மணி நேரத்துக்குள்" மூன்று முறை வந்திருந்தது. மேடம் 5 கோடியை மட்டும் வட்டம் போட்டு, "உங்க வருஷ விற்பனை எவ்வளவு?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. நஷ்டஈடோ, அவர்கள் சம்பாதித்த லாபக் கணக்கோ கேட்கும் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை என்று ஒரு வரி போதும், தொகை சொன்னால் கணக்கும் சொல்ல வேண்டும் என்றார். 24 மணி நேரத்தில் ஒரு வியாபாரி பாக்கெட் அச்சை மாற்ற முடியாது. முடியாததைக் கேட்டால் அந்தக் கடிதம் பதிலுக்காக எழுதியது இல்லை, பயமுறுத்த எழுதியது என்று படிக்கிறவருக்குத் தெரிந்துவிடும்.

கடைசியில் போன கடிதம் ஒன்றரைப் பக்கம், தமிழில். அதன் நடுப்பகுதியை, எண்களை விட்டுவிட்டு இங்கே தருகிறேன்:

"எங்கள் கட்சிக்காரர் காபித்தூளுக்கு 30ஆம் வகுப்பில், 2016ஆம் வருட விண்ணப்பத்தின் பேரில், 'தாழைக்குடம்' என்ற சொல்லும் குடம், தாழம்பூ படமும் அடங்கிய லேபிளின் பதிவு பெற்ற உரிமையாளர். சான்றிதழ் நகல் இணைப்பு 1. அவர் குறைந்தபட்சம் 1997 முதல் இந்தப் பெயரில் வியாபாரம் செய்துவருவதற்கான பில் நகல் இணைப்பு 2.

தாங்கள் 'தாழங்குடம்' என்ற பெயரில் காபித்தூள் விற்பதை, குத்தாலத்தில் வாங்கிய பாக்கெட் மூலம் எங்கள் கட்சிக்காரர் அறிந்தார். இரு பாக்கெட்டுகளின் படமும் பில்லும் இணைப்பு 3. இரு பெயர்களும் காதில் ஒன்றுபோல் விழுகின்றன, சரக்கு ஒன்றே, படத்தின் கருத்தும் ஒன்றே. வாடிக்கையாளர் ஒருவர் தங்கள் சரக்கை எங்கள் கட்சிக்காரருடையது என்று கருதி வாங்கியிருக்கிறார்.

'கும்பகோணம்', 'டிகிரி காபி' என்ற சொற்கள் மீதோ, டவரா டம்ளர் படத்தின் மீதோ எங்கள் கட்சிக்காரர் இக்கடிதத்தில் எந்த உரிமையும் கோரவில்லை.

இக்கடிதம் கிடைத்த நாளிலிருந்து அந்தப் பெயரும் படமும் உள்ள புதிய பாக்கெட்டுகளை அச்சிடுவதை நிறுத்தும்படியும், கையிருப்பை 45 நாட்களுக்குள் முடித்துக்கொள்ளும்படியும், இதை 15 நாட்களுக்குள் எழுத்தில் உறுதி செய்யும்படியும் கேட்டுக்கொள்கிறோம். எங்கள் கட்சிக்காரருக்கு முன்பிருந்தே தாங்கள் இப்பெயரைப் பயன்படுத்தி வந்ததாகக் கருதினால் அதற்கான ஆவணங்களை அதே 15 நாட்களுக்குள் அனுப்பவும். அவற்றைப் பரிசீலித்த பிறகே மேற்கொண்டு முடிவு செய்யப்படும். பதில் இல்லாத பட்சத்தில், 30ஆம் வகுப்புப் பதிவின் அடிப்படையில் தகுந்த நீதிமன்றத்தை அணுக எங்கள் கட்சிக்காரர் அறிவுறுத்தியுள்ளார்."

டிகிரி காபி மீது உரிமை கோரவில்லை என்ற பத்தியைப் பார்த்துத் தம்பி கொதித்தான். எதிராளிக்கு ஏன் நாமே சலுகை எழுதிக் கொடுக்க வேண்டும்? எனக்கு இப்போது அந்தப் பத்திதான் கடிதத்திலேயே பலமான இடமாகத் தெரிகிறது. நாங்கள் கண்டதையெல்லாம் கேட்கிறவர்கள் இல்லை என்று அது சொல்லிவிடுகிறது. 142இல் அவர்கள் வழக்குப் போட்டால் தாக்குவதற்கு மிகச் சுலபமான இடம் அந்த இரண்டு சொற்கள்தான். அதை நாங்களே எடுத்துவிட்டோம்.

கடைசி வரியில் வரும் "அறிவுறுத்தியுள்ளார்" சும்மா எழுதியது இல்லை. கடிதம் தபாலில் போவதற்கு முன்பே வழக்கு மனுவின் வரைவு தயாராகிவிட்டது. பதிவு உரிமையாளர் தாமதிக்காமல் மீறல் வழக்கைப் போட்டு அதை ஒழுங்காக நடத்தினால், மிரட்டினார் என்று அவர் மேல் போடும் வழக்கு நிற்காது என்று அதே 142இல் ஒரு விலக்கு இருக்கிறது. சொன்னதைச் செய்யத் தயாராக இருப்பவருக்கு மட்டும் சட்டம் அந்தப் பாதுகாப்பைக் கொடுக்கிறது. அப்பாவிடம் மேடம் நேராகவே கேட்டார், "பதில் வரலேன்னா கேஸ் போடுவீங்களா, இல்லே விட்டுடுவீங்களா? விட்டுடறதா இருந்தா அந்த வரியை எடுத்துடறேன்." அப்பா ரொம்ப நேரம் யோசித்துவிட்டுப் போடலாம் என்றார்.

கவரின் மேல் "வித்தவுட் பிரிஜுடிஸ்" என்று போட வேண்டாமா என்று கேட்டேன். எங்கோ பார்த்த ஞாபகம். சமாதானப் பேச்சுக்கு எழுதும் கடிதத்தில்தான் அதைப் போடுவார்கள். பின்னால் கோர்ட்டில் காட்டக் கூடாது என்று நினைக்கும் கடிதத்துக்கு உரியது அது. இந்தக் கடிதத்தைப் பின்னால் காட்டுவதற்காகவே எழுதுகிறோம், அதில் போய் அதைப் போட்டால் நாமே நம் வாயைக் கட்டிக்கொண்ட மாதிரி.

கடிதம் போவதற்கு முன்னால் பழைய தப்பைச் சரி செய்ய வேண்டியிருந்தது. அதே 14 கடைகளுக்கும் தம்பி மறுபடி வாட்ஸ்அப் அனுப்பினான், இந்த முறை மேடம் சொன்ன வார்த்தைகளில்: "முன்பு அனுப்பிய செய்தியைத் திரும்பப் பெறுகிறோம். கடைக்காரர்கள் மீது எந்த நடவடிக்கையும் எடுக்கும் நோக்கம் எங்களுக்கு இல்லை. பெயர் தொடர்பாக உற்பத்தியாளரிடம் நேரடியாகப் பேசிவருகிறோம்." அதன் ஸ்கிரீன்ஷாட்டை இணைத்து, எங்களுக்கு வந்த நோட்டீஸுக்குத் தனியாகப் பதில் போனது. திரும்பி வந்த 40 கிலோவுக்கு அவர்கள் 18 ஆயிரம் ரூபாய் கேட்டிருந்தார்கள். அதைப் பற்றி அந்தப் பதிலில் ஒன்றும் எழுதவில்லை, பேச்சுக்கு வைத்துக்கொண்டோம்.

எங்கள் கடிதத்துக்குப் பதினோராம் நாள் பதில் வந்தது. முன்பிருந்தே பயன்படுத்தியதாக எந்த ஆவணமும் அதில் இல்லை. மீறல் இல்லை என்று இரண்டு பத்தி மறுத்துவிட்டு, கடைசியில் "சுமுகமாக முடித்துக்கொள்ளத் தயார்" என்று ஒரு வரி இருந்தது. மேடம் முதல் இரண்டு பத்தியைப் படிக்கவே இல்லை, அந்தக் கடைசி வரியை மட்டும் கோடு போட்டுக் காட்டினார்.

மாயவரத்தில் அவர்கள் வக்கீல் அலுவலகத்தில் உட்கார்ந்து பேசினோம். எதிரில் இருந்தவருக்கு என் வயசுதான் இருக்கும். ஊரில் தாழம்புதர் இருக்கிறது, பாட்டி அதில் குடம் வைப்பாள், அதனால்தான் அந்தப் பெயர் என்றார். பொய் என்று சொல்ல எனக்கு ஆதாரம் இல்லை. தூள் பாக்கெட்டில் பெயரையும் குடத்தையும் மாற்றச் சம்மதித்தார். கையிருப்புக்கு 45 நாள் போதாது, அச்சடித்த பவுச் ஏராளமாகக் கிடக்கிறது என்றார். 75 நாள் ஆக்கினோம், அது வரை பாக்கெட்டில் அவர்கள் ஊர்ப் பெயரைப் பெரிதாக ஸ்டிக்கர் ஒட்டுவதாக ஏற்பாடு. 18 ஆயிரத்தில் 10 ஆயிரம் கொடுத்தோம். தம்பியின் பங்கிலும் என் பங்கிலும் பாதிப் பாதி கழிந்தது. இரு பக்கமும் மிரட்டல் பற்றியோ தூள் பற்றியோ இனி வழக்குப் போடுவதில்லை என்று எழுதிக் கையெழுத்தானது. அதில் அப்பாதான் கையெழுத்துப் போட்டார்.

ஸ்டால் மட்டும் அப்படியே இருக்கிறது. நெடுஞ்சாலையில் இன்னும் "தாழங்குடம்" பலகை தொங்குகிறது. எங்கள் 43ஆம் வகுப்பு விண்ணப்பத்துக்கு ஆட்சேபப் பதில் கொடுத்தாகிவிட்டது. அது பதிவாகும் வரை அந்தப் பலகையைப் பற்றி ஒரு வார்த்தை எழுதக் கூடாது என்று மேடம் சொல்லியிருக்கிறார். அந்த வழியாகப் போகும்போது தம்பி வண்டியின் வேகத்தைக் குறைப்பான், நான் ஜன்னலை ஏற்றிவிடுவேன்.

எங்கள் பலகையில் வட்டத்துக்குள் இருந்த ஆரைச் சுரண்டிவிட்டு டிஎம் என்று எழுதப் பழைய பெயின்டரையே கூப்பிட்டோம். ஏணியில் ஏறியவர் மேலிருந்து கேட்டார், "அன்னிக்கு இதை எழுதுன்னு நீங்கதானேண்ணே பிடிவாதம் பிடிச்சீங்க?" முந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டார். ஆர் இருந்த இடம் மட்டும் இன்னும் கொஞ்சம் வெளுத்துத் தெரிகிறது.